நாற்பது வருஷம் கழித்துக் கழுவப்படும் ரோல்: கதையில் எது நிற்கும், எது நிற்காது

கேள்வி: "ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் பதினாறு வயசுப் பெண் ஒருத்தி, இறந்துபோன தாத்தாவின் அக்ஃபா கிளிக் III கேமராவுக்குள் கழுவாத ரோல் ஒன்று இருப்பதைப் பார்க்கிறாள். 1984 வாக்கில் போட்ட கறுப்பு வெள்ளை ரோல். குளியலறையில் சிவப்பு பல்பு மாட்டி அவளே கழுவுகிறாள், படங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன. இது நிஜத்தில் நடக்குமா? எத்தனை படம் தேறும்? நான் எங்கெல்லாம் தப்பு விடுவேன்?"

நடக்கும். ஆனால் அந்தச் சிவப்பு பல்பை முதலில் கழற்றிவிடுங்கள். ஃபிலிமைப் பொறுத்தவரை சிவப்பு வெளிச்சமும் வெளிச்சம்தான். 80களில் கடையில் விற்ற கறுப்பு வெள்ளை ரோல் எல்லா நிறத்துக்கும் கறுக்கும் வகை, சிவப்பு உட்பட. சினிமாவில் நாம் பார்க்கும் சிவப்பு அறை பிரிண்ட் போடுகிற பேப்பருக்கானது. அந்தப் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, அதனால்தான் அந்த விளக்கு. உங்கள் பெண் சிவப்பு பல்பின் கீழே ரோலைப் பிரித்தால், தாத்தா எடுத்தது மொத்தமும் ஒரு நிமிஷத்தில் போய்விடும். கழுவினால் முழுக்கக் கறுப்பான ஒரு பட்டைதான் கையில் மிஞ்சும். படம் கண்ணெதிரே மெல்ல எழுந்துவரும் காட்சியும் பேப்பருக்கே உரியது. ஃபிலிமில் அப்படி ஒரு கணம் கிடையாது. மூடிய டப்பாவுக்குள் எல்லாம் முடிந்த பிறகுதான் பார்க்கவே முடியும். அந்தக் காட்சி உங்களுக்கு வேண்டுமென்றால் அதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கேமரா நல்ல தேர்வு. கிளிக் III பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. 120 ரோல் போட்டால் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டு படம் வரும். ரோல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து'வாக இருக்கலாம். அந்தக் கம்பெனி 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்தது, ஆக உங்கள் 1984க்குப் பொருந்தும். கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோவும் அன்றைக்கு இங்கே புழங்கியது, அதுவும் சரிதான். எந்த ஃபிலிம், எந்த வருஷம் என்பது ரோலைப் பார்த்ததும் தெரிந்துவிடாது. காலாவதித் தேதி அட்டைப்பெட்டியில்தான் அச்சிட்டிருக்கும், பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். கேமராவுக்குள் இருக்கும்வரை அவளுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: பின்பக்கத்துச் சின்னச் சிவப்பு ஜன்னலில் தெரியும் எண்.

அந்த எண்ணை வைத்தே கதையில் பாதி வேலை முடிந்துவிடும். 120 ரோலில் ஃபிலிமின் முதுகோடு ஒரு கறுப்புக் காகிதம் ஓடும், அதன் வெளிப்பக்கத்தில்தான் இந்த எண்கள். ஜன்னலில் 8 தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு படம் எடுத்தாகிவிட்டது என்பது நிச்சயம். எட்டாவது எடுத்தாரா என்பது தாத்தாவின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. சிலர் படம் எடுத்த கையோடு அடுத்த எண்ணுக்குச் சுற்றி வைத்துவிடுவார்கள். சிலர் அடுத்த படம் எடுக்கப்போகும்போதுதான் சுற்றுவார்கள். முதல் வகை ஆள் என்றால் எட்டாவது கட்டம் காலி. இரண்டாவது வகை என்றால் அவர் கடைசியாக எடுத்த படம் அந்த எட்டில்தான், லென்ஸுக்கு நேரே நாற்பது வருஷமாக இருக்கிறது. கேமராவை வெளியிலிருந்து பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது.

இங்கேதான் ஒரு பதினாறு வயசுக்காரி செய்யக்கூடிய இயல்பான தப்பு வருகிறது. பழைய கேமரா கையில் கிடைத்தால் எல்லாரும் முதலில் செய்வது 'வேலை செய்கிறதா' என்று பட்டனை அழுத்திப் பார்ப்பது. ஷட்டர் இன்னும் இயங்கினால், அந்த அழுத்தலில் எட்டாவது கட்டத்தின் மேல் இன்னொரு படம் விழும். இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் அழுத்தியிருந்தால் கவலையில்லை. அந்த மாதிரி எளிய ஷட்டருக்கு அது போதாத வெளிச்சம், ஒன்றும் பதியாது. மத்தியானம் மொட்டை மாடியில் துணிக்கொடியைப் பார்த்து அழுத்தியிருந்தால் தாத்தாவின் கடைசிப் படத்தின் மேல் அந்தத் துணிக்கொடியும் சேர்ந்துதான் வரும். பேத்தி எடுத்தது பளிச்சென்றும், தாத்தா எடுத்தது அடியில் மங்கலாகவும் இருக்கும். வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் வேகத்தை ஃபிலிம் நாற்பது வருஷத்தில் இழந்திருக்கும் என்றாலும், நல்ல வெயிலில் நேற்று விழுந்த வெளிச்சம் பழையதைவிடத் தூக்கலாகத்தான் தெரியும். இதைக் கதையில் பயன்படுத்தலாமா என்பது உங்கள் பாடு. நடக்கக்கூடியது என்பதில் சந்தேகமில்லை.

அடுத்த இயல்பான தப்பு, பின்கதவைத் திறந்து பார்ப்பது. இதில் எழுத்தாளர்கள் பெரும்பாலும் 'எல்லாம் அழிந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். 120 ரோலில் அப்படி இல்லை. கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் படுவது காகிதத்தின் முதுகுதான், ஃபிலிம் அதற்கு அந்தப் பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்கிறது. எடுத்து முடித்த ஏழு கட்டமும் எதிர்ச் சுருளில் காகிதத்துக்கு அடியில் இறுகச் சுற்றியிருக்கும். வீட்டுக்குள் நிழலில் ஒரு நொடி திறந்து பட்டென்று மூடினால், ஓரங்களில் வெளிச்சம் கசிந்து கறுப்புத் தீற்றல் விழும், நடுப்படம் தப்பிக்கும். சுற்று தளர்ந்துபோனால்தான் பெரிய சேதம். இதுவே 35 மில்லிமீட்டர் ரோல் போடும் கேமராவாக இருந்தால் கதை வேறு. அதில் காகிதம் கிடையாது, எடுத்த படங்கள் வெறுமனே எதிர்ச் சுருளில் கிடக்கும், வெளிச்சம் நேராக அடிக்கும். அங்கேயும் வெளிச்சுற்றில் இருக்கும் கடைசிப் படங்கள்தான் முதலில் போகும். உள்சுற்றில் இருக்கும் ஆரம்பப் படங்களை மேலிருக்கும் சுற்றுகள் ஓரளவுக்குக் காப்பாற்றும்.

ரோலை வெளியே எடுப்பதில் பெரிய வித்தை இல்லை. 120இல் பின்னோக்கிச் சுற்றுவது என்பதே கிடையாது. திருகை முன்னோக்கியே, மெதுவாக, 12ஐத் தாண்டிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு இடத்தில் இழுவை சட்டென்று விட்டுப்போகும், காகிதத்தின் வால் முழுதும் எதிர்ச் சுருளுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இரவில், ஒரு மங்கல் விளக்கில் கதவைத் திறந்து, சுருளைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடி எடுக்க வேண்டும். விரல் தளர்ந்தால் காகிதம் விரிந்து ஓரத்தில் வெளிச்சம் புகும். காகித நுனியில் நாக்கால் நனைத்து ஒட்டும் பட்டை ஒன்று இருக்கும், அதன் பசை இத்தனை வருஷத்தில் செத்திருக்கும். ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அலுமினியத் தாளில் சுற்றிவிட்டால் போதும். சுற்றும்போது முரட்டுத்தனம் கூடாது. காசிமேட்டுக் காற்று வீசும் தெருவில் திருகும் கீலும் துருவேறித்தான் இருக்கும். திருகு அசையவே இல்லையென்றால் பலம் காட்டாமல், முழு இருட்டில் கதவைத் திறந்து கையால் சுற்றி எடுப்பதே வழி.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி, எத்தனை படம் தேறும். ஃபிலிமில் வெளிச்சம் பட்ட இடத்தில் உடனே படம் உருவாகிவிடுவதில்லை. வெள்ளி உப்புத் துகள்களில் சில அணுக்கள் அளவுக்கு வெள்ளிப் புள்ளி உண்டாகிறது, அவ்வளவுதான். டெவலப்பர் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு துகள் முழுவதையும் கறுப்பாக்குகிறது. கழுவாமல் விட்டால் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கும். சூட்டிலும் ஈரத்திலும் அந்தச் சின்னப் புள்ளிகள் மெல்லக் கரையும். இன்னொரு பக்கம், வெளிச்சமே படாத துகள்களிலும் சூட்டாலும் சுற்றுப்புறக் கதிர்வீச்சாலும் பொய்ப் புள்ளிகள் முளைக்கும். அந்தப் பொய்ப் புள்ளிகள் கழுவிய ஃபிலிம் முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும், ஸ்டூடியோக்காரர்கள் ஃபாக் என்பது இதைத்தான். படம் மேலிருந்து மங்குகிறது, சாம்பல் அடியிலிருந்து ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் படம் தொலைகிறது.

இதில் முதலில் தொலைவது நிழல் பகுதிகள். குறைவான வெளிச்சம் பட்ட இடத்தில் புள்ளிகள் குறைவாகவும் பலவீனமாகவும் இருக்கும், அவைதான் முதலில் கரையும், அவற்றைத்தான் சாம்பல் முதலில் மூடும். வெயில் நேராக அடித்த வெள்ளைச் சுவர், வானம், வெள்ளை வேட்டி சட்டை இவையெல்லாம் நிற்கும். ஆகவே கதையில் 'எல்லாப் படமும் நேற்று எடுத்தது போல் பளிச்' என்று எழுதினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். 'ஒன்றுமே இல்லை' என்பது நடக்கக்கூடியது. நடுவில் இருப்பதுதான் அதிகம் நடப்பது: எட்டுக் கட்டத்தில் மூன்று நான்கில் ஆள் அடையாளம் தெரியும், மற்றதில் உருவம் மட்டும். வாசலில் வெயிலில் நிற்பவரின் சட்டை தெரியும், திண்ணை நிழலில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியாது. மாநிற முகம், தலைக்கு மேல் உச்சி வெயில், கண்குழியில் நிழல் என்றால் முகத்தில் நெற்றியும் மூக்கும் மட்டும் மிஞ்சும். பிளாஷ் இல்லாமல் அந்தக் கேமராவில் வீட்டுக்குள்ளே எடுத்த படம் அன்றைக்கே சரியாக விழுந்திருக்காது, அப்படிப்பட்ட படத்தைக் கதையில் தெளிவாக வரவழைக்காதீர்கள்.

எத்தனை தேறும் என்பதை வைத்திருந்த இடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் கிடந்திருந்தால் சித்திரை வெயில் நாற்பது தடவை அதை வாட்டியிருக்கும், நம்பிக்கை குறைவு. கீழ்த்தளத்தில் பீரோவுக்குள் துணி அடுக்கில் இருந்திருந்தால் சூடு குறைவு. ஆனால் வடசென்னையில் கீழ்வீடு என்றால் மழைக்காலத்து ஈரம் கணக்கில் வரும். ஈரம் இரண்டு அடையாளம் விடும். ஒன்று பூஞ்சை. ஃபிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின், பூஞ்சைக்கு அது சாப்பாடு. கழுவிய நெகட்டிவில் மெல்லிய வேர் பிரிந்தாற்போல் கோடுகள் தெரியும், அந்த இடத்தில் படம் திரும்பி வராது. இரண்டாவது, காகிதத்தின் எண்கள் ஃபிலிமில் பதிந்துவிடுவது. ஈரத்தில் காகிதத்தின் மை அடுத்த சுற்றிலிருக்கும் ஃபிலிமை உறுத்தி, படத்தின் நடுவில், வானத்திலோ யாராவது ஒருவரின் நெஞ்சிலோ, '5' என்றும் வட்டப் புள்ளிகளாகவும் தெரியும். பழைய 120 ரோலில் இது சகஜம், தெரிந்த வாசகருக்கு நம்பிக்கை தரும் விவரம். கண்ணாடி ஷோகேஸில் அலங்காரமாக வைத்திருந்த கேமரா என்றால் சிவப்பு ஜன்னல் வழியாகப் பல வருஷம் கசிந்த வெளிச்சம் அந்த எட்டாவது கட்டத்தில் ஒரு வட்டக் கறையாக விழுந்திருக்கலாம். டிரங்குப் பெட்டிக்குள் இருந்திருந்தால் அந்தக் கறைக்கு இடமில்லை.

கழுவும் காட்சிக்கு வருவோம். வேண்டியது ஒரு கழுவும் டாங்க், அதற்குள் ரீல், டெவலப்பர், கறுக்காமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஹைப்போ, ஒரு தெர்மாமீட்டர். இருட்டு வேண்டியது ரோலைப் பிரித்து ரீலில் ஏற்றி டாங்கை மூடும்வரைதான். பிறகு விளக்கைப் போட்டே வேலை செய்யலாம். வண்ணாரப்பேட்டைக் குளியலறையில் வென்டிலேட்டர் இருக்கும், வெளியே தெருவிளக்கு இருக்கும். கறுப்புப் போர்வையை ஆணியடித்து மூடி, கதவிடுக்கில் துண்டைச் செருகி, பத்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கண் பழகிய பிறகும் முகத்துக்கு முன்னால் ஆட்டும் கை தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் இருட்டாகவில்லை. போன் வெளியே இருக்க வேண்டும், ஒரு நோட்டிஃபிகேஷன் வெளிச்சம் போதும் எல்லாம் கெட. கையிலும் தரையிலும் ஈரம் இருக்கவே கூடாது. வியர்வை பட்ட ஃபிலிம் பிளாஸ்டிக் ரீலில் பாதியில் சிக்கிக்கொள்ளும், இருட்டில் சிக்கினால் பதற்றத்தில் இன்னும் வியர்க்கும். இதனால்தான் நம் ஊரில் இரவு இரண்டு மணிக்குச் செய்வது நல்லது, மத்தியானத்தில் இல்லை.

பிரிக்கும்போது முதலில் வெறும் காகிதம் வரும், பிறகு ஃபிலிமின் கடைசி முனை தானாக எழும்பும், ஆரம்ப முனை மட்டும் டேப்பால் காகிதத்தோடு ஒட்டியிருக்கும். அந்த டேப்பை வெடுக்கென்று இழுத்தால் இருட்டில் நீலமாய் ஒரு சின்ன மினுக்கு தெரியும். அது நிஜ வெளிச்சம், ஃபிலிமில் கறையாக விழலாம். மெதுவாக உரித்தால் இல்லை. நாற்பது வருஷம் சுருண்டே கிடந்த ஃபிலிம் ஸ்பிரிங் மாதிரி கையை விட்டுச் சுருளும். முதல் தடவை ரீலில் ஏற்றுகிறவர்களுக்கு அரை மணி நேரம் எடுக்கும். முன்பே ஒரு வீணான ரோலில் வெளிச்சத்திலும், பிறகு கண்ணை மூடியும் பழகியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். உங்கள் பெண்ணுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவள் செய்தது நம்பும்படி இருக்காது.

எட்டோடு நின்ற ரோல் என்பதால் அவளுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு கட்டம், கிட்டத்தட்ட இருபத்தைந்து சென்டிமீட்டர், எடுக்கப்படாத ஃபிலிம். பிரிக்கும்போது முதலில் கைக்கு வருவதும் அந்த முனைதான். இருட்டிலேயே அதிலிருந்து விரல் நீளத்துக்கு மூன்று துண்டு கத்தரித்துக்கொண்டு மீதியை மறுபடி சுற்றி இருட்டில் வைத்துவிடலாம். ஒவ்வொரு துண்டிலும் பாதியை மட்டும் வெளிச்சத்துக்குக் காட்டி மறு பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்துவிட்டு, துண்டுகளை வேறு வேறு நேரம் கழுவிப் பார்ப்பதுதான் சோதனை. வெளிச்சம் காட்டிய பாதி எவ்வளவு கறுக்கிறது, காட்டாத பாதி எவ்வளவு சாம்பலாகிறது என்பதை ஒப்பிட வேண்டும். டி-76 டெவலப்பரைக் கரைக்காமல், 20 டிகிரியில், 100 வேக ரோலுக்கு எட்டு நிமிஷம் என்பது நல்ல தொடக்கம். ஆறு, எட்டு, பத்து என்று மூன்று துண்டு. பத்தில் சாம்பல் மட்டும் ஏறி, கறுப்பு அதற்கு மேல் ஏறவில்லையென்றால் எட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பழைய ரோல் என்றால் நேரத்தைக் கூட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் உண்டு. நேரம் கூடினால் படமும் ஏறும், ஃபாக்கும் ஏறும், எது முந்துகிறது என்பதைத் துண்டுதான் சொல்லும். எச்.சி.-110 என்ற டெவலப்பர் ஃபாக்கைக் கட்டுக்குள் வைக்கும் என்று பெயர் வாங்கியது, கிடைத்தால் அதையே எடுக்கலாம்.

நம் ஊர்க் கதையில் வெளிநாட்டுக் கையேடு சொல்லாத ஒரு பிரச்சினை, தண்ணீரின் சூடு. மே மாதம் மொட்டை மாடிக் கறுப்பு டாங்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் 20 டிகிரி கனவுதான். டெவலப்பர் பாட்டிலைச் சுற்றி ஐஸ் போட்ட பக்கெட்டில் வைத்து இறக்க வேண்டும், ஐஸை உள்ளே போடக் கூடாது. 24 டிகிரி வரைதான் இறங்குகிறது என்றால் எட்டு நிமிஷத்தை ஐந்தரை, ஆறு என்று குறைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பது. குளிர்ந்த டெவலப்பரிலிருந்து முப்பத்திரண்டு டிகிரிக் குழாய்த் தண்ணீருக்கு நேராகப் போனால் இளகிய ஜெலட்டின் சுருங்கி, படம் முழுக்க வெடித்த குளத்துச் சேறு போல் வலை விழலாம். அது விழுந்தால் விழுந்ததுதான்.

முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிஷம் ஊறவைத்துக் கொட்டும்போது நீலமோ பச்சையோ கறுப்போ ஆக ஒரு நிறத் தண்ணீர் வரலாம். படம் கரைந்து போகிறது என்று அவள் திடுக்கிடலாம், வாசகரும் திடுக்கிடலாம். அது ஃபிலிமின் முதுகுப் பூச்சுச் சாயம், போக வேண்டியதுதான். பிறகு டெவலப்பர், நிமிஷத்துக்கு ஒரு தடவை டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்தல், தண்ணீர், ஹைப்போ. ஹைப்போவில் ஐந்து முதல் பத்து நிமிஷம். அதற்கு முன் திறந்தால் ஃபிலிம் பால் நிறத்தில் இருக்கும். அந்தப் பால் மறைய எடுத்த நேரத்தைப் போல் இரண்டு பங்கு வைக்க வேண்டும். கடைசிக் கழுவலுக்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை, லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அது நடக்காது. சாதாரண விரைவு ஹைப்போ என்றால் டாங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பிப் பத்து, மறுபடி இருபது. மூன்று டாங்க் தண்ணீர், ஒன்றரை லிட்டர் போல. கடைசி முக்கலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீரின் உப்பு காய்ந்தால் வானம் முழுக்க வெள்ளைத் திட்டு.

டாங்கைத் திறந்து ரீலை உருவி ஃபிலிமைத் தூக்கிப் பிடிக்கும் அந்த நிமிஷத்தில் அவள் பார்ப்பது நெகட்டிவ். முகம் கறுப்பு, தலைமுடி வெளுப்பு, வேட்டி கரி, வாசல் இருட்டு வெளிர்சாம்பல். கட்டங்களுக்கு நடுவிலும் தெளிவு இருக்காது, சாம்பல்தான். யார் என்று நெகட்டிவில் கண்டுபிடிப்பது பழக்கமில்லாத கண்ணுக்குக் கஷ்டம். தாத்தாவை அந்தப் படங்களில் தேடினால் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம், கேமரா அவர் கையில் இருந்ததால். போனில் அதை ஒரு படம் எடுத்து நிறத்தைத் திருப்பிப் போட்டால் உடனே ஆள் தெரியும். இன்றைய பதினாறு வயசு அதைத்தான் முதலில் செய்யும். வெள்ளைத் திரை போட்ட டேப்லெட்டின் மேல் இரண்டு விரல் உயரத்தில் நெகட்டிவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரையில் ஒட்டி வைத்தால் அதன் புள்ளிகள் படத்தில் தெரியும்.

நீங்கள் ஆசைப்பட்ட சிவப்பு பல்புக்கு இப்போதுதான் நேரம். 120 நெகட்டிவ் ஆறு சென்டிமீட்டர் சதுரம் என்பதால் பெரிதாக்கும் கருவி இல்லாமலே, அதே அளவில் பிரிண்ட் போடலாம். பழைய ஆல்பங்களில் உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை ஓரம் வைத்த சின்னப் படங்கள் பலதும் அப்படிப் போட்டவைதான். சிவப்பு விளக்கில் பேப்பரை வைத்து, அதன் மேல் காய்ந்த நெகட்டிவ், அதன் மேல் கனமான கண்ணாடி. வெள்ளை பல்பைச் சில நொடி எரியவிட்டு அணைத்து, பேப்பரை டெவலப்பர் தட்டில் போட்டு ஆட்டினால் அரை நிமிஷத்துக்குள் முதலில் கறுப்புகள் கிளம்பும், பிறகு சாம்பல், கடைசியில் சட்டையின் மடிப்பு. ஃபாக் ஏறிய நெகட்டிவுக்கு வெளிச்சம் கூடுதல் நேரம் வேண்டும். பேப்பர் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். தாத்தாவின் பெட்டியிலேயே பழைய பேப்பர் கிடைத்தது என்று எழுதினால் அது ஃபிலிமைவிட மோசமாகச் சாம்பலாகியிருக்கும், படம் எடுபடாது.

அவளே கழுவாமல் கடையில் கொடுப்பதாக மாற்றினால், கதையில் வேறொரு ஆபத்து வரும். கலர் ரோல் கழுவும் வழக்கமான சி-41 வரிசையில் இந்த ரோலைப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. கலர் ஃபிலிமில் கடைசியில் நிற்பது சாயம், அதனால் அந்த வரிசையில் வெள்ளி முழுதையும் கரைத்து எடுத்துவிடும் ஒரு படி உண்டு. கறுப்பு வெள்ளை ரோலில் படமே வெள்ளிதான். வெளியே வருவது கண்ணாடி மாதிரி வெறும் பட்டை, ஃபிலிமின் ஓரத்தில் கம்பெனி பதித்த ஓர எழுத்துகூட இல்லாமல். படமே இல்லாத ரோல் என்று கவுண்டரில் கையில் கொடுத்துவிடுவார்கள், அதில் ஓர எழுத்து இல்லாததைக் கவனிக்கிறவருக்கு மட்டும்தான் நடந்தது என்ன என்று தெரியும்.

வருஷத்தை ரோல் சொல்லாது என்றேன், படம் சொல்லும். பின்னணியில் நிற்கும் ஸ்கூட்டரின் நம்பர் டி.என். என்று தொடங்கினால் அது 1989க்குப் பிந்தையது, உங்கள் 1984 கெட்டது. சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் கட்டடம் முழுதாகத் தெரிந்தால் 1985 மே மாதத் தீ விபத்துக்கு முந்தையது. கடைப் பலகையில் 'மெட்ராஸ்' என்று இருந்தால் 1996க்கு முன் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பெயர் மாறிய பிறகும் பழைய பலகைகள் பல வருஷம் தொங்கின, அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். இதில் எதையாவது ஒன்றை மூன்றாவது கட்டத்தின் வெயில் பட்ட பாதியில் வையுங்கள். நிழல் பாதியில் வைத்தால் அவளால் படிக்க முடியாது.